பட்டியல் இரட்டிக்கும்போது

தாறுமாறாகக் கிடக்கும் ஒரு பட்டியலைச் சிறியதிலிருந்து பெரியதாகவோ அகர வரிசையிலோ அடுக்கித் தருவதை வரிசையாக்கம் என்பர். அதைச் செய்ய முறைகள் பல உள்ளன. அவற்றுள் எது வேகமானது என்று கேட்டால் உறுதியான விடை கிடைப்பதில்லை, ஏனெனில் வேகம் கணினிக்குக் கணினி மாறும், நிரல் எழுதப்பட்ட மொழியைப் பொறுத்தும் எழுதியவரின் கைத்திறனைப் பொறுத்தும் மாறும். ஆகவே கணினியியலாளர் கேள்வியைச் சற்றே மாற்றி, பட்டியலின் நீளம் இரண்டு மடங்கானால் வேலை எத்தனை மடங்காகும் என்று கேட்கின்றனர். பழைய கணினியானாலும் புதிய கணினியானாலும் இதற்கான விடை பெரிதும் மாறுவதில்லை என்பதால், இது முறையின் இயல்பையே காட்டுவதாக அமைகிறது.

வேலையை அளக்க ஓர் அலகு வேண்டும். வரிசையாக்கத்தில் பொதுவாக ஒப்பீடுகளே எண்ணப்படுகின்றன. அதாவது, இரண்டு எண்களை அருகருகே வைத்து எது பெரியது என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பீடாகக் கணக்கில் ஏறுகிறது. எட்டு மாணவர்களின் மதிப்பெண்கள் 37, 62, 15, 80, 54, 29, 71, 43 என்ற வரிசையில் கிடக்கின்றன என்று கொண்டு, அவற்றைச் செருகு வரிசையாக்கம் எப்படி அடுக்குகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். சீட்டாடுபவர் கையில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் சீட்டுகளுக்கு நடுவே புதிதாக வந்த சீட்டை உரிய இடத்தில் நுழைப்பதைப் போன்றது இம்முறை.

முதலில் 37 மட்டும் கையில் இருக்கிறது. அடுத்து வரும் 62, 37உடன் ஒருமுறை ஒப்பிடப்பட்டு அதன் வலப்பக்கமே தங்கிவிடுகிறது. மூன்றாவதான 15 வலக்கோடியிலிருந்து நகரத் தொடங்கி, 62ஐயும் 37ஐயும் தாண்டி முன்னால் போய் நிற்க இரண்டு ஒப்பீடுகள் ஆகின்றன. 80க்கு ஒன்று போதும், ஏனெனில் அது எல்லோரையும்விடப் பெரியது. 54 வரும்போது 80, 62, 37 என மூன்று எண்களோடு ஒப்பிடப்பட்டு, கடைசி எண் தன்னைவிடச் சிறியது என்று தெரிந்ததும் நின்றுவிடுகிறது. இவ்வாறே 29க்கு ஐந்தும் 71க்கு இரண்டும் 43க்கு ஐந்தும் செலவாகி, மொத்தம் 19 ஒப்பீடுகளில் பட்டியல் வரிசைக்கு வருகிறது.

இந்த 19 எட்டு எண்களுக்கு உரிய கணக்கு. பட்டியலில் n எண்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அதே ஓட்டத்திலிருந்து ஊகிக்கலாம். புதிதாக வரும் எண் எதுவாக இருந்தாலும், ஏற்கெனவே அடுக்கப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதியைத் தாண்டினால்தான் அதற்குரிய இடம் சராசரியாகக் கிடைக்கும். தொடக்கத்தில் அடுக்கப்பட்டவை சில. முடிவை நெருங்கும்போது அவை ஏறத்தாழ n. எனவே சராசரியாக ஒவ்வோர் எண்ணும் n-இல் கால் பங்கு தூரம் நடக்கிறது. நடப்பவை n எண்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ n²/4. பட்டியல் முழுவதும் தலைகீழாக இருந்துவிட்டால், ஒவ்வோர் எண்ணும் முன்வரிசை வரை நடக்க வேண்டியிருப்பதால் செலவு n(n-1)/2 ஆகிறது. எட்டு எண்களுக்கு அது 28.

இங்கேதான் பிக் ஓ குறியீடு நுழைகிறது. 1894இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் பால் பாக்மன் எண்கணித நூலொன்றில் பயன்படுத்திய இக்குறியீடு, எட்மண்ட் லாண்டௌ வழியாகக் கணிதத்தில் பரவி, பிற்காலத்தில் டொனால்ட் குனூத்தின் எழுத்துகளால் கணினியியலின் அன்றாட மொழியானது. அது செய்யும் காரியம் எளியது: ஒரு கணக்கில் n வளர வளர எந்த உறுப்பு மற்றவற்றை விழுங்கிவிடுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியையும் முன்னால் நிற்கும் பெருக்கு எண்ணையும் உதறிவிடுகிறது. n(n-1)/2 என்பதை விரித்தால் n²/2 - n/2 வருகிறது. n பத்து லட்சமாகும்போது முதல் உறுப்பு 50,000 கோடி, இரண்டாவது வெறும் 5 லட்சம். இரண்டாவதை விட்டுவிடுவதில் எவருக்கும் நட்டமில்லை. பெருக்கு எண்ணான அரையையோ காலையோ விடுவதற்குக் காரணம் வேறு: இரட்டிப்புக் கேள்விக்கு அதனால் எந்த வேறுபாடும் இல்லை. n²/2 ஆனாலும் n²/4 ஆனாலும் n இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்காகிறது. இந்த நான்கு மடங்கு வளர்ச்சியைத்தான் O(n²) என்று சுருக்கமாக எழுதுகின்றனர்.

பாடநூல்களில் செருகு வரிசையாக்கத்துக்கு அருகில் இடம்பெறும் தேர்ந்தெடுப்பு வரிசையாக்கமும் குமிழி வரிசையாக்கமும் இதே O(n²) குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவது, மீதமுள்ளவற்றில் மிகச் சிறியதைத் தேடி எடுத்து முன்னால் வைப்பதையே திரும்பத் திரும்பச் செய்வதால், பட்டியல் முன்பே ஒழுங்காக இருந்தாலும் அதே n(n-1)/2 ஒப்பீடுகளைச் செய்து தீர்க்கிறது. இரண்டாவது, அடுத்தடுத்த எண்களை இடம் மாற்றிக்கொண்டே போவது. வகுப்பறையில் முதலில் கற்பிக்கப்படுவதும் நடைமுறையில் எவரும் தொடாததும் அதுவே. அதை முதலில் கற்பிக்கும் வழக்கத்துக்கு நல்ல காரணம் ஏதும் தென்படவில்லை.

இணைப்பு வரிசையாக்கத்தின் போக்கு முற்றிலும் வேறு. 1945இல் ஜான் வான் நாய்மன் வகுத்த இம்முறை, ஏற்கெனவே வரிசையிலுள்ள இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவது மலிவான வேலை என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. இரண்டின் தலைகளையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுத்து வைத்தால் போதும். பின்னால் நிற்பவற்றைப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அதே எட்டு மதிப்பெண்களை இரண்டிரண்டாகப் பிரித்தால் (37, 62), (15, 80), (29, 54), (43, 71) என நான்கு இணைகள் நான்கு ஒப்பீடுகளில் வரிசையாகின்றன. முதல் இரண்டு இணைகளைச் சேர்க்கும்போது 37க்கும் 15க்கும் ஒன்று, 37க்கும் 80க்கும் ஒன்று, 62க்கும் 80க்கும் ஒன்று என மூன்று ஒப்பீடுகளில் 15, 37, 62, 80 கிடைக்கிறது. கடைசியாக மிஞ்சும் 80க்குப் போட்டியில்லாததால் அது ஒப்பீடின்றியே போய் அமர்கிறது. அடுத்த இரண்டு இணைகளும் மூன்று ஒப்பீடுகளில் 29, 43, 54, 71 ஆகின்றன. இந்த இரண்டு நால்வர் அணிகளையும் சேர்க்க ஏழு ஒப்பீடுகள். ஆக மொத்தம் 17.

செருகு முறைக்கு 19, இணைப்பு முறைக்கு 17. இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு கிடைத்த ஆதாயம் இரண்டே ஒப்பீடுகள் என்பது வாசகருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பிக் ஓ குறியீடு எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே அடங்கியிருக்கிறது. சிறிய பட்டியல்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பட்டியல் வளர்வதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

வளர்ச்சியைக் காண இணைப்பு முறையின் கணக்கையும் பொதுமைப்படுத்த வேண்டும். எட்டு எண்கள் இணைகளாகி, நான்குகளாகி, முழுப் பட்டியலாக மூன்று அடுக்குகள் தேவைப்பட்டன, ஏனெனில் 2ஐ மூன்று முறை பெருக்கினால் 8 வருகிறது. ஓர் எண்ணை அடைய 2ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதையே அதன் இரண்டடி மடக்கை என்கின்றனர். log₂ n என்று எழுதப்படும் இது மிக மெதுவாக வளர்வது. 2ஐ இருபது முறை பெருக்கினால் 10,48,576 வந்துவிடுவதால், பத்து லட்சம் எண்கள் கொண்ட பட்டியலுக்கும் இருபது அடுக்குகளே போதும். ஒவ்வோர் அடுக்கிலும் அதிகம் போனால் n ஒப்பீடுகள் என்பதால், மொத்தச் செலவு n log₂ n-ஐத் தாண்டுவதில்லை. குறியீட்டில் அது O(n log n).

இனி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆயிரம் எண்களுக்குச் செருகு முறை சராசரியாக 2,50,000 ஒப்பீடுகளையும், இணைப்பு முறை அதிகபட்சம் ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகளையும் கேட்கின்றன. பத்து லட்சம் எண்களுக்கு முதலாவது 25,000 கோடி ஆகிறது, இரண்டாவது 2 கோடியாக நிற்கிறது. நொடிக்கு 10 கோடி ஒப்பீடுகள் செய்யும் ஒரு கணினியைக் கற்பனை செய்துகொண்டால், முதல் வேலை முடிய 42 நிமிடங்கள் ஆகும். இரண்டாவது நொடியின் ஐந்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். பட்டியல் ஒரு கோடியானால் இணைப்பு முறை இரண்டரை நொடிக்குள் முடிக்கும் வேலைக்குச் செருகு முறை ஏறத்தாழ மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். பத்து மடங்கு வேகமான கணினியை வாங்கினாலும் இந்த இடைவெளி அடைபடாது என்பதும், பட்டியல் மூன்றே கால் மடங்கு வளர்ந்தால் அந்த வேகம் முழுவதும் கரைந்துவிடும் என்பதும் O(n²) என்ற சிறு குறியின் உள்ளே இருக்கும் செய்திகள்.

n log n-க்கும் கீழே இறங்க முடியுமா என்ற கேள்விக்கு ஓர் அழகான விடை உண்டு. எட்டு எண்கள் 40,320 விதமாகக் கலைந்து கிடக்கலாம். வரிசையாக்க முறை ஒவ்வொன்றும் தன் முன் கிடப்பது அவற்றில் எது என்பதை மறைமுகமாகக் கண்டுபிடித்தாக வேண்டும். ஓர் ஒப்பீட்டின் விடை ஆம் அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றே என்பதால், 15 ஒப்பீடுகளால் அதிகபட்சம் 32,768 வகைகளைத்தான் பிரித்தறிய முடியும். அது 40,320க்குப் போதாது. ஆகவே எந்த மேதை எந்த முறையை வகுத்தாலும், எட்டு எண்களுக்கு 16 ஒப்பீடுகள் தேவைப்படும் நிலை ஒன்றாவது இருந்தே தீரும். இணைப்பு முறையின் 17 அந்த எல்லைக்கு அடுத்த படியிலேயே நிற்கிறது. பொதுவாக n எண்களுக்கும் இந்த எல்லை n log n என்ற வேகத்திலேயே வளர்கிறது. இத்தடை ஒப்பிட்டு அடுக்கும் முறைகளுக்கு மட்டுமே உரியது. மதிப்பெண்கள் 0 முதல் 100 வரைதான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், 101 பெட்டிகளை வைத்து ஒவ்வொன்றிலும் எத்தனை விழுகின்றன என்று எண்ணிவிடலாம். அப்போது ஒப்பீடே இல்லாமல் O(n) செலவில் வேலை முடிந்துவிடும். பெயர்களுக்கோ பின்ன எண்களுக்கோ அப்படிப் பெட்டி வைப்பது எளிதன்று.

மாணவர் வாயில் குயிக் சார்ட் என்று வழங்கும் விரைவு வரிசையாக்கம் இந்த வரிசையில் மிகவும் சுவையானது, ஏனெனில் அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த டோனி ஹோர் மாஸ்கோவில் மாணவராக இருந்த காலத்தில் எண்ணிய இம்முறை 1961இல் வெளியானது. பட்டியலிலிருந்து ஓர் எண்ணை அச்சாகத் தேர்ந்து, அதைவிடச் சிறியவற்றை இடப்பக்கமும் பெரியவற்றை வலப்பக்கமும் ஒதுக்கி, இரண்டு பக்கங்களையும் அதே வழியில் மீண்டும் மீண்டும் பிரித்துக்கொண்டே போவது இதன் போக்கு. அச்சு எண் ஓரளவு நடுவில் அமைந்தால் பட்டியல் பாதி பாதியாக உடைந்து, செலவு சராசரியாக 1.39 n log₂ n என்ற அளவில் நிற்கிறது. ஒப்பீடுகள் இணைப்பு முறையைவிடச் சற்றுக் கூடுதலானாலும், இணைப்பு முறைக்கு வேண்டியதைப் போலப் பட்டியல் அளவுக்கு இன்னோர் இடம் நினைவகத்தில் தேவைப்படாமல் இருந்த இடத்திலேயே வேலை நடப்பதால், நடைமுறையில் இது பெரும்பாலும் முந்திக்கொள்கிறது.

மற்ற முகம் அச்சு எண் தவறாக அமையும்போது தெரிகிறது. பட்டியலின் முதல் எண்ணையே அச்சாக எடுப்பது என்று ஒருவர் நிரல் எழுதியிருக்க, அதனிடம் ஏற்கெனவே வரிசையிலுள்ள பட்டியல் வந்து சேர்ந்தால், அச்சைவிடச் சிறியது ஒன்றுமே இருக்காது. இடப்பக்கம் காலியாகவும் வலப்பக்கம் ஒன்றே ஒன்று குறைந்ததாகவும் அமையும். எட்டு எண்களுக்கு 7, 6, 5 என்று குறைந்துகொண்டே வந்து 28 ஒப்பீடுகள், அதாவது செருகு முறையின் மிக மோசமான கணக்கு. பத்து லட்சத்துக்கு 50,000 கோடி. அதோடு, ஒவ்வொரு பிரிவும் முந்தைய பிரிவு முடியக் காத்திருப்பதால் காத்திருப்போரின் அடுக்கு பத்து லட்சம் ஆழத்துக்குப் போய், மெதுவாவதற்கு முன்பே அடுக்கு நிரம்பி நிரல் விழுந்துவிடுவதும் உண்டு. அடுக்கி முடித்த ஒன்றை மறுபடி அடுக்கச் சொல்வதுதான் இம்முறைக்கு ஆகாத வேலை என்பது நகைமுரண்.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 1991இல் பெல் ஆய்வகத்தில் இருவர், சில நிமிடங்களில் முடிய வேண்டிய வரிசையாக்கம் ஒன்று மணிக்கணக்கில் ஓடுவதைக் கண்டனர். நிறுத்தியிராவிட்டால் அது வாரக்கணக்கில் ஓடியிருக்கும் என்று, பின்னர் அதை ஆராய்ந்து 1993இல் எழுதிய ஜான் பென்ட்லியும் டக்ளஸ் மெக்கில்ராயும் கூறுகின்றனர். ஓடிக்கொண்டிருந்தது யூனிக்ஸின் `qsort` என்ற செயற்கூறு. 1, 2, 3 என்று ஏறி உச்சியை அடைந்து, அதே படிகளில் 3, 2, 1 என்று இறங்கும் பட்டியல்களில் அது தடுமாறியது; அத்தகைய பட்டியலில் மொத்தம் 2n எண்கள் இருந்தால் ஒப்பீடுகள் n² ஆயின. பத்து லட்சம் எண்களுக்கு அது 25,000 கோடி; மேலே செருகு முறைக்குச் சொன்ன சராசரி எண்ணேதான். மாற்று தேடியபோது, பெர்க்லியில் 1983இல் எழுதப்பட்ட இன்னொரு வடிவம், வெறும் 0களும் 1களும் கலந்த பட்டியலில் அதே O(n²) பள்ளத்தில் விழுவதையும் அவர்கள் கண்டனர். சமமான எண்கள் பலவாக இருக்கும்போது அவற்றையெல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கினால் பிரிவு ஒருதலையாகிவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். பாலினம், மாவட்டம், ஆண்டு போன்ற பத்திகளைக் கொண்டு அடுக்கும்போது சமமான மதிப்புகள் நிறையவே வரும்.

அச்சு எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்தால், குறிப்பிட்ட எந்தப் பட்டியலும் இப்பள்ளத்தில் விழும் வாய்ப்பு மிக அரிதாகிறது, ஆயினும் முற்றிலும் மறைவதில்லை. டேவிட் மஸ்ஸர் 1997இல் வேறொரு வழி சொன்னார்: பிரிவுகளின் ஆழத்தைக் கண்காணித்துக்கொண்டே வந்து, அது log n-இன் சில மடங்கைத் தாண்டினால் விரைவு முறையைக் கைவிட்டு, எந்நிலையிலும் O(n log n)-ஐத் தாண்டாத குவியல் வரிசையாக்கத்துக்கு மாறிவிட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. குவியல் முறை நினைவகத்தில் இங்குமங்கும் தாவித் தாவி எண்களை எடுப்பதால் அன்றாட ஓட்டத்தில் சற்றுப் பிந்துகிறது. காப்பீடாக மட்டுமே அது இங்கே வைக்கப்படுகிறது.

ஒரு நிரல் எந்தக் குடும்பத்தில் ஓடுகிறது என்பதை மூலநிரலைப் பார்க்காமலேயே அறிய இரட்டிப்புச் சோதனை போதும். ஒரே தன்மையுள்ள தரவில் 50,000, 1,00,000, 2,00,000 என்று எடுத்து நேரத்தை அளந்தால், ஒவ்வொரு படியிலும் நேரம் நான்கு மடங்காவது O(n²)-இன் அடையாளம். இரண்டு மடங்கைச் சிறிதே தாண்டுவது O(n log n)-இன் அடையாளம். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குப் போகும்போது n log n 2.2 மடங்காகிறது, பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சத்துக்குப் போகும்போது 2.1 மடங்காகிறது. மிகச் சிறிய பட்டியல்களில் அளந்தால் நிரல் தொடங்கும் நேரமே எல்லாவற்றையும் மறைத்துவிடும். பட்டியல் செயலியின் இடைமாற்று நினைவகத்தை, அதாவது கேஷை, மீறும் இடத்தில் விகிதம் ஒருமுறை எகிறி மீண்டும் பழைய நிலைக்கு வரும். இதைக் கண்டு குடும்பம் மாறிவிட்டதாக எண்ணக் கூடாது. கலைந்த தரவு, வரிசையான தரவு, சமமான மதிப்புகள் மிகுந்த தரவு என மூன்றிலும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் 1991இல் சிக்கியதைப் போன்ற நிரல் கலைந்த தரவில் மிக ஒழுங்காகவே நடந்துகொள்ளும்.

செருகு முறை இத்தனைக்கும் பிறகு ஒதுக்கப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. எட்டு எண்களில் 19க்கும் 17க்கும் இருந்த சிறு இடைவெளியை நினைத்தால் காரணம் விளங்கும்: இணைப்பு முறை ஒவ்வோர் அடுக்கிலும் பட்டியலைப் பிரித்து, வேறிடத்துக்கு நகலெடுத்து, திரும்ப வைக்கும் சில்லறைச் செலவுகள் ஒப்பீட்டுக் கணக்கில் ஏறுவதில்லை, செருகு முறைக்கோ அத்தகைய செலவே கிடையாது. மேலும், பட்டியல் முன்பே வரிசையில் இருந்தால் ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒப்பீட்டில் நின்றுவிடுவதால், எட்டு எண்களுக்குச் செருகு முறை 7 ஒப்பீடுகளிலும், இணைப்பு முறை 12 ஒப்பீடுகளிலும் முடிக்கின்றன. இந்த இரண்டு பண்புகளையும் டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தான் மொழிக்காக எழுதிய டிம்சார்ட் பயன்படுத்திக்கொண்டது. அது பட்டியலில் இயல்பாகவே ஏறியோ இறங்கியோ செல்லும் ஓட்டங்களைத் தேடி, 32 முதல் 64 வரையிலான ஓர் அளவைவிடக் குறைந்த ஓட்டங்களைச் செருகு முறையின் ஒரு வடிவத்தால் நீட்டி, பின்னர் அவற்றை இணைப்பு முறையால் ஒன்றாக்குகிறது. மோசமான நிலையிலும் O(n log n)-க்குள் அடங்கும் இந்த ஏற்பாடு, முன்பே வரிசையிலுள்ள பத்து லட்சம் எண்களைப் பெற்றால், முழுப் பட்டியலும் ஒரே ஓட்டம் என்பதைக் கண்டறிய 9,99,999 ஒப்பீடுகளைச் செய்துவிட்டு, எதையும் நகர்த்தாமல் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது.